ஸ்பைரோமெட்ரி வளையத்தில் அடைப்பு வகையையும் விரிவுக்குறைவு வகையையும் பிரித்தறிதல்: முழுமையான வழிகாட்டி

ஸ்பைரோமெட்ரி அறிக்கையில், முழுமையாக மூச்சை நிரப்பிப் பலமாக ஊதி வெளிவிடும் மொத்தக் காற்றின் அளவான FVC குறைந்திருப்பதைக் கண்டதும் நுரையீரல் விரிவடையவில்லை என்று எழுதிவிடுவதே பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. மூச்சுக்குழாய் அடைப்புள்ள ஒருவர் ஊதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாலும் FVC குறைவாகவே பதிவாகும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் தடயம், காற்றின் வேகத்தைக் கொள்ளளவுக்கு எதிரே வரையும் வளையத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை எப்போது, எப்படிப் பார்ப்பது என்பதையே இவ்வழிகாட்டி மையமாகக் கொண்டுள்ளது. அப்ஸ்ட்ரக்டிவ் எனப்படுவதை அடைப்பு வகை என்றும், ரெஸ்ட்ரிக்டிவ் எனப்படுவதை விரிவுக்குறைவு வகை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இங்குள்ள அளவுகள் யாவும் பெரியவர்களுக்கானவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவதாக, எல்லா முயற்சிகளின் வளையங்களும் தேவை. இயந்திரம் தேர்ந்தெடுத்த சிறந்த முயற்சி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினால், மற்ற முயற்சிகளில் என்ன பிழை நேர்ந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இரண்டாவதாக, அதே முயற்சிகளின் கொள்ளளவு-நேர வரைபடம் தேவை. வளையத்தில் நேரத்துக்கான அச்சே கிடையாது. ஒருவர் மூன்று நொடி ஊதினாரா, பதினைந்து நொடி ஊதினாரா என்பதை வளையம் நேரடியாகச் சொல்லாது. ஆகவே இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தே வாசிக்க வேண்டும்.

மூன்றாவதாக, எதிர்பார்க்கப்படும் அளவோடு LLN எனப்படும் கீழ் எல்லையும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆரோக்கியமானவர்களில் மிகக் குறைந்த அளவுடைய 5 விழுக்காட்டினர் மட்டுமே இந்த எல்லைக்குக் கீழே வருவார்கள். எதிர்பார்க்கப்படும் அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் Z மதிப்பாகச் சொன்னால் அது -1.645. இந்த எல்லை வயது, உயரம், பாலினம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால், உயரத்தைக் காலணி இல்லாமல் அளந்தே பதிய வேண்டும். நோயாளி வாய்மொழியாகச் சொல்லும் உயரம் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால்கூட எதிர்பார்க்கப்படும் FVC உயர்ந்துவிடும். இல்லாத குறைவொன்று தாளில் தோன்றும். முதுகு வளைந்திருப்பதால் நிமிர்ந்து நிற்க முடியாதவர்களுக்கு, நீட்டிய இரு கைகளின் விரல்நுனிகளுக்கு இடையேயான தூரத்தை வைத்து உயரத்தை மதிப்பிடலாம்.

2. அச்சுகளைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல்

கிடை அச்சு கொள்ளளவைக் காட்டுகிறது. அதன் அலகு லிட்டர். செங்குத்து அச்சு அந்தக் கணத்தில் காற்று செல்லும் வேகத்தைக் காட்டுகிறது. அதன் அலகு நொடிக்கு இத்தனை லிட்டர். கோட்டுக்கு மேலே இருப்பது வெளிமூச்சு, கீழே இருப்பது உள்மூச்சு. முழுமையாக மூச்சை நிரப்பிய நிலையில் வெளிமூச்சு தொடங்குகிறது. சட்டென உச்சத்துக்கு ஏறுகிறது. பிறகு நுரையீரல் காலியாகக் காலியாக, ஏறத்தாழ நேர்கோடாக அச்சை நோக்கி இறங்குகிறது.

புதிதாக வாசிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு குழப்பத்தில் சிக்குவதுண்டு. பாடநூல் படங்களில் அடைப்பு வகை வளையம் இடப்பக்கமும் விரிவுக்குறைவு வகை வளையம் வலப்பக்கமும் நகர்ந்திருக்கும். அப்படங்களின் கிடை அச்சில் இருப்பது நுரையீரலுக்குள் உள்ள மொத்தக் காற்றின் அளவு. ஸ்பைரோமீட்டர் வாயிலிருந்து வெளியே வந்த காற்றை மட்டுமே அளக்கிறது. ஊதி முடித்த பின்னும் உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே எல்லா வளையங்களும் சுழியத்திலிருந்தே தொடங்குகின்றன. அச்சிட்ட தாளில் இடப்பெயர்ச்சியைத் தேடுவதில் பயனில்லை. அகலத்தையும் வடிவத்தையும் மட்டுமே பார்க்க முடியும்.

அச்சுகளின் அளவுகோலையும் ஒருமுறை சரிபார்க்கவும். நொடிக்கு 2 லிட்டர் என்ற வேகமும் 1 லிட்டர் கொள்ளளவும் தாளில் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் வளையத்தைத் திரைக்கேற்ப இழுத்து நிரப்பிக் காட்டுகின்றன. அப்போது அகலமான வளையம் ஒல்லியாகவும் ஒல்லியான வளையம் அகலமாகவும் தோன்றிக் கண்ணை ஏமாற்றிவிடும்.

3. முதலில் தொடக்கத்தையும் வாலையும் பாருங்கள்

வடிவத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே, முயற்சி சரியாக நடந்ததா என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பிழையான முயற்சியின் வடிவம் நோயின் வடிவமாக மனத்தில் பதிந்துவிடும். பிறகு அதை அகற்றுவது கடினம்.

தொடக்கத்தில் உச்சம் கூர்மையாகவும் வளையத்தின் இடது ஓரத்திலும் இருக்க வேண்டும். தயங்கி ஊதினால் உச்சம் மழுங்கி வலப்பக்கம் தள்ளிப்போகும். இதை எண்ணால் அளக்க BEV என்ற மதிப்பு அறிக்கையில் இருக்கும். அது FVC-யில் 5 விழுக்காடு அல்லது 100 மில்லிலிட்டர், இவ்விரண்டில் எது பெரியதோ அதைத் தாண்டக் கூடாது. முதல் நொடிக்குள் இருமல் வந்தால் இறங்குபகுதியில் ஆழமான வெட்டு விழும். அந்த முயற்சியில் முதல் நொடிக்குள் வெளிவந்த காற்றின் அளவான FEV1 செல்லாது.

வாலுக்குத்தான் அதிகக் கவனம் தர வேண்டும். முழுமையாக ஊதி முடித்தவரின் கோடு சரிந்தபடியே வந்து அச்சைத் தொடும். பாதியில் நிறுத்தியவரின் கோடு ஒரு புள்ளியில் செங்குத்தாக அச்சில் விழும். அந்த வீழ்ச்சி பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடைப்புள்ளவருக்கு மூன்றாவது நொடியில் காற்றின் வேகம் நொடிக்கு 0.3 லிட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். நொடிக்கு 1 லிட்டர் என்பது தாளில் 5 மில்லிமீட்டர் என்றால், அந்தப் படி ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்கூட இராது. அதனால்தான் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஆகவே வாலைப் பார்த்தவுடன் கொள்ளளவு-நேர வரைபடத்துக்குச் செல்லுங்கள். கடைசி ஒரு நொடியில் கொள்ளளவு 25 மில்லிலிட்டருக்குக் குறைவாகவே கூடியிருந்தால் கோடு சமநிலையை எட்டிவிட்டது, முயற்சி முழுமையானது. கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றிருந்தால், 15 நொடியைத் தொட்டிராத நிலையில் அதன் FVC-யை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். அத்தகைய முயற்சியிலும் தொடக்கம் சரியாக இருந்தால் FEV1-ஐப் பயன்படுத்தலாம் என்பதை நினைவில் கொள்ளவும்; முயற்சி முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருப்பதை மட்டும் வைத்து நிறைவடைந்துவிடக் கூடாது. பெரிய இரண்டு FVC-களுக்கு இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது விதி. மூச்சு வாங்குகிறது என்பதற்காக ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் நிறுத்துபவரும் அந்த விதிக்குள் வந்துவிடுவார். பொருத்தம் என்பது ஒரே மாதிரி ஊதினார் என்பதற்குச் சான்று. முழுமையாக ஊதினார் என்பதற்குச் சான்றாகாது.

4. அடுத்து இறங்குபகுதியின் வடிவம்

உச்சத்திலிருந்து வால்முனை வரை ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான வளையம் அந்தக் கோட்டை ஒட்டியே செல்லும். அடைப்பு வகையில் இறங்குபகுதி கோட்டுக்குக் கீழே குழிந்து தொங்கும். நடுவில் கரண்டியால் அள்ளி எடுத்ததுபோல் இருக்கும். விரிவுக்குறைவு வகையில் வளையத்தின் அகலம் குறைந்திருக்கும். இறங்குபகுதி நேராகவோ சற்றுப் புடைத்தோ செங்குத்தாக இறங்கும்.

குழிவு ஏன் ஏற்படுகிறது என்று தெரிந்திருந்தால் வடிவத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. வேகமாக ஊதும்போது மார்புக்குள் ஏற்படும் அழுத்தம் மூச்சுக்குழாய்களையும் வெளியிலிருந்து நசுக்குகிறது. உச்சத்தைத் தாண்டிய பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் வேகம் ஒரு வரம்புக்கு மேல் கூடாததற்கு அதுவே காரணம். அந்த வரம்பை நிர்ணயிப்பவை குழாய்களின் அகலமும் நுரையீரலின் மீள்திறனும் ஆகும். அடைப்பு நோயில் சில பகுதிகள் குறைவாகவும் சில பகுதிகள் கடுமையாகவும் பாதிக்கப்பட்டிருக்கும். குறைவாகப் பாதிக்கப்பட்டவை முதலில் விரைந்து காலியாகிவிட, கடுமையாகப் பாதிக்கப்பட்டவை நீண்ட நேரம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நீண்ட கசிவே குழிவுக்குப் பின் வரும் நீளமான வால்.

நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும் நோய்களில் நிலைமை நேர்மாறானது. உள்ளே செல்லும் காற்று குறைவு. ஆனால் விறைத்த திசு வேகமாகச் சுருங்குவதோடு, தன்னுள் இருக்கும் குழாய்களை வெளிப்புறமாக இழுத்து அகலமாகவே வைத்திருக்கிறது. எனவே சிறிய கொள்ளளவு விரைவாக வெளியேறிவிடுகிறது. சுவாசத் தசைகளின் பலவீனத்தால் FVC குறைந்தவர்களிடம் இந்த உயரமான உச்சத்தை எதிர்பார்க்க முடியாது. அவர்களின் வளையம் சிறியதாகவும் உச்சம் மழுங்கியும் இருக்கும். பாதி மனத்தோடு ஊதியவரின் வளையமும் அப்படியே இருக்கும் என்பதால், வளையத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முயலாமல் மருத்துவரின் பரிசோதனைக்கு விட்டுவிடுவதே முறை.

முதுமையில் ஆரோக்கியமானவர்களின் இறங்குபகுதியும் சிறிது குழியும். ஆகவே குழிவைக் கண்ட உடனே நோய் என்று முடிவு செய்யாமல் எண்களுக்குச் செல்ல வேண்டும்.

5. எண்களில் விகிதம் முதலில், FVC பிறகு

ஏற்கத்தக்க முயற்சிகள் அனைத்திலிருந்தும் மிகப் பெரிய FEV1-ஐயும் மிகப் பெரிய FVC-யையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் ஒரே முயற்சியிலிருந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விகிதம் இப்படிக் கணக்கிடப்படுகிறது:

```
FEV1 / FVC
```

விகிதம் அதன் LLN-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. விகிதம் இயல்பாக இருந்து FVC அதன் LLN-க்குக் கீழே இருந்தால் விரிவுக்குறைவு இருக்கலாம். முதல் வாக்கியத்தில் உண்டு என்றும் இரண்டாவதில் இருக்கலாம் என்றும் எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். விரிவுக்குறைவை உறுதிசெய்ய நுரையீரலின் மொத்தக் கொள்ளளவான TLC-யை அளந்தாக வேண்டும்; ஸ்பைரோமீட்டரால் அது இயலாது. இதன் மறுபக்கம் நடைமுறையில் மிகவும் பயன்படும்: சரியாக ஊதிய முயற்சியில் FVC இயல்பாக இருந்தால், விரிவுக்குறைவுக்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

0.70 என்ற ஒரே எல்லையை எல்லா வயதினருக்கும் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. விகிதம் வயதோடு இயல்பாகவே குறைவதால், அந்த எல்லை முதியவர்களில் இல்லாத அடைப்பைக் காட்டும். இளைஞர்களில் இருக்கும் அடைப்பை மறைக்கும். LLN கையில் இருக்கும்போது அதையே பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து.

6. ஒரே மூன்று நொடி, இரண்டு நோயாளிகள்

எடுத்துக்காட்டாக இரண்டு நோயாளிகளைக் கொள்வோம். எண்களை வாசிப்பதற்கு எளிதாகச் சற்றுத் தோராயப்படுத்தியுள்ளேன்.

முதலாமவர் 58 வயது ஆண், உயரம் 168 சென்டிமீட்டர். அவருக்குரிய FVC-யின் கீழ் எல்லை 2.85 லிட்டர், FEV1-இன் கீழ் எல்லை 2.20 லிட்டர், விகிதத்தின் கீழ் எல்லை 0.68. முதல் முயற்சியில் மூன்று நொடி ஊதினார். FEV1 1.75, FVC 2.45, விகிதம் 0.71. விகிதம் எல்லைக்கு மேலே, FVC எல்லைக்குக் கீழே. இயந்திரம் தானாகவே விரிவுக்குறைவு என்று அச்சிட்டுவிடும்.

இப்போது வளையத்தைப் பாருங்கள். அளவுகோலை வைத்தால் இறங்குபகுதி தெளிவாகக் குழிந்திருக்கிறது. விரிவுக்குறைவு வகையில் இந்தக் குழிவு இருக்கக் கூடாது என்பது முதல் முரண். வால்முனையில் ஒரு சிறு செங்குத்துப் படி தெரிகிறது. கொள்ளளவு-நேர வரைபடத்தில் கடைசி நொடியில் மட்டும் 280 மில்லிலிட்டர் கூடியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவோ 25 மில்லிலிட்டர். அவர் காலியாவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். FVC வெட்டுப்பட்டதால் விகிதத்தின் கீழ்ப்பகுதி சிறுத்து, விகிதம் செயற்கையாக உயர்ந்திருக்கிறது.

சிறிது ஓய்வுக்குப் பிறகு, காற்று தீர்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும் நிறுத்தாமல் மெல்லத் தொடர்ந்து ஊதும்படி சொல்லி மறுபடியும் செய்ய வைக்க வேண்டும். அப்படிச் செய்ததில் 11 நொடி ஊதினார். FEV1 1.77, FVC 3.05, விகிதம் 0.58. கடைசி நொடியில் கூடியது ஏறத்தாழ 15 மில்லிலிட்டர். அடுத்த முயற்சிகளிலும் FVC 3.00, 2.96 என்று வந்தது. FEV1 ஏறத்தாழ மாறவேயில்லை. FVC மட்டும் 600 மில்லிலிட்டர் கூடியது. இப்போது FVC இயல்பு, விகிதம் எல்லைக்கு மிகவும் கீழே. இது அடைப்பு வகை. FEV1-இன் z மதிப்பு -2.6 அளவில் வருவதால் நடுத்தரத் தீவிரம் என்று எழுதலாம், -2.5 முதல் -4 வரையிலானது அந்தப் படிநிலை.

இரண்டாமவர் 49 வயதுப் பெண், உயரம் 155 சென்டிமீட்டர். FVC-யின் கீழ் எல்லை 2.15 லிட்டர், விகிதத்தின் கீழ் எல்லை 0.71. இவரும் மூன்றரை நொடிதான் ஊதினார். FEV1 1.40, FVC 1.60, விகிதம் 0.88. உச்சம் நொடிக்கு 5.2 லிட்டர். 1 லிட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவில் அச்சிட்டால், வளையத்தின் அகலம் 16 மில்லிமீட்டர், வெளிமூச்சுப் பகுதியின் உயரம் 26 மில்லிமீட்டர். அகலத்தைவிட உயரம் கூடிய ஒல்லியான வளையம். இறங்குபகுதி நேர்கோடாகச் சரிந்து, படி ஏதும் இல்லாமல் அச்சைத் தொடுகிறது. கடைசி நொடியில் கூடியது 10 மில்லிலிட்டர் மட்டுமே.

இவரையும் முன்னவரைப் போலவே குறைந்த நேரம் ஊதியவர் என்று கருதி, ஆறு நொடி வரவில்லையே என்று முயற்சிகளைத் தள்ளிவிடுவது அடுத்த பெரிய தவறு. விறைத்த நுரையீரல் விரைவில் காலியாகிவிடும். வெளியேற்ற மேலும் காற்றே இல்லாதவரை மேலும் ஊதச் சொல்வதால் களைப்பும் இருமலும்தான் மிஞ்சும். முடிவைத் தீர்மானிப்பது கடிகாரம் அன்று, சமநிலையை எட்டிய கோடே. இவரது TLC அளக்கப்பட்டபோது கீழ் எல்லையான 3.5 லிட்டருக்குக் கீழே 2.9 லிட்டராக இருந்தது என்றால், விரிவுக்குறைவு உறுதியாகிறது.

ஆனால் இத்தகைய சிறிய வளையத்தைக் கண்டால் வேறொரு பிழையையும் விலக்க வேண்டும். ஊதுவதற்கு முன் மூச்சை முழுமையாக நிரப்பாதவரின் வளையமும் ஒல்லியாகவே இருக்கும். வாலும் சரியாகவே முடியும். ஊதி முடித்தவுடன் வேகமாக உள்ளிழுக்கச் சொல்லி, அந்த உள்மூச்சுக் கொள்ளளவை FVC-யோடு ஒப்பிடுங்கள். உள்ளிழுத்தது வெளிவிட்டதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தால், தொடக்கத்தில் நுரையீரல் நிரம்பவில்லை என்று பொருள். வளையம் மூடாமல் சுழியத்தைத் தாண்டி இடப்பக்கம் நீண்டிருப்பதே இதற்கான அடையாளம்.

7. விகிதமும் FVC-யும் இரண்டும் குறைந்திருந்தால்

இதைக் கண்டதும் இரண்டு வகையும் கலந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது சரியன்று. கடுமையான அடைப்பில் சிறு மூச்சுக்குழாய்கள் வெளிமூச்சின்போதே மூடிக்கொள்வதால் காற்று உள்ளே சிக்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் ஊதினாலும் அது வெளியே வராது. FVC குறைந்தாலும் TLC இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும்.

எனவே அடைப்பு உண்டு, FVC-யும் குறைந்திருக்கிறது, காரணத்தை அறிய TLC தேவை என்று எழுதுவதே நேர்மையானது. அந்த அளவீட்டுக்கு உடல் முழுவதையும் அடைக்கும் பெட்டியில் செய்யும் பிளெதிஸ்மோகிராஃபி முறை பொருத்தமானது. ஹீலியம் கலந்து அளக்கும் முறையில் வாயு சிக்கிய பகுதிகளுக்குள் சரியாகப் போய்ச்சேராது. ஆகவே TLC குறைவாகக் காட்டப்பட்டு, மறுபடியும் அதே தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும்.

8. இரண்டு வகையிலும் சேராத வடிவம்

உச்சமே இல்லாமல் மேற்பகுதி தட்டையாக வெட்டப்பட்டதுபோல் இருந்தால் சிறு குழாய்களை விட்டுவிட்டு, குரல்வளையையும் பெரிய மூச்சுக்குழாயையும் நினைக்க வேண்டும். வெளிமூச்சு, உள்மூச்சு இரண்டும் தட்டையாக இருந்தால் நிலையான அடைப்பு. உள்மூச்சு மட்டும் என்றால் மார்புக்கு வெளியே மாறும் அடைப்பு. வெளிமூச்சு மட்டும் என்றால் மார்புக்குள்ளே மாறும் அடைப்பு. ஒவ்வொரு முயற்சியிலும் அதே தட்டை வந்தால் உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அவசரமான நிலையாக இருக்கக்கூடும். FEV1, FVC எண்களில் இது தெரியாமலே போகலாம்.

9. அறிக்கையை எழுதுதல்

முதல் வரியில் முயற்சிகளின் தரத்தை எழுதுங்கள்: எத்தனை முயற்சிகள், எத்தனை ஏற்கத்தக்கவை, வால் முழுமையடைந்ததா. படிக்கும் மருத்துவர் பின்வரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அந்த வரியே சொல்கிறது. பெரியவர்களுக்கு எட்டு முயற்சிகளுக்கு மேல் பொதுவாகச் செய்வதில்லை. அதற்குள்ளும் வால் முழுமையடையாவிட்டால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

அடுத்து விகிதம், பிறகு FVC, பிறகு FEV1 என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் அதன் LLN-ஓடு சேர்த்து எழுதவும். வடிவத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். வடிவமும் எண்ணும் ஒன்றையொன்று மறுத்தால், மறுப்பை மறைத்து ஏதேனும் ஒரு பக்கம் சாயாதீர்கள். மேற்சொன்ன ஆணின் முதல் முயற்சி மட்டுமே கையில் இருந்திருந்தால், அறிக்கை இப்படி இருக்க வேண்டும்: “வெளிமூச்சு முழுமையடையவில்லை, FVC உண்மையளவைவிடக் குறைவாகப் பதிவாகியிருக்கும். இறங்குபகுதி குழிந்திருப்பதால் அடைப்பு ஐயுறப்படுகிறது. விரிவுக்குறைவு பற்றிக் கருத்துக் கூற இயலாது. சோதனையை மீண்டும் செய்யவும்.”